முட்டையும் காயும் போட்ட நூடுல்ஸ்: ஒரு பாக்கெட்டைத் தராசில் ஏற்றிப் பார்த்தது

அண்ணன் மனைவி, எங்கள் மயினிக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். சாப்பிடுவதையெல்லாம் கலோரியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இட்லி, தோசை, சம்பாச் சோறு எல்லாம் ஓரளவுக்கு ஓடிவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளுக்குச் செய்யும் நூடுல்ஸில் தானும் ஒரு தட்டு எடுப்பார், அங்கேதான் நோட்டு நின்றுபோனது. ஒரு நாள் 350 என்று இருக்கிறது, இன்னொரு நாள் 600, நடுவில் ஒரு நாள் 1,200-க்கு மேல். செய்வது அதே வாணலி, அதே பாக்கெட்.

"மசாலாவ தனியா எழுதணுமா தம்பி? அது ஒரு அம்பதாவது இருக்காதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் வேலை ஆரம்பித்தது.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். எங்கள் வீட்டில் கேக் செய்ய வாங்கியது ஒன்று கிடந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள ஊட்டச்சத்துக் கட்டத்தைப் படிக்க நல்ல வெளிச்சமும் வேண்டும், எழுத்து அவ்வளவு பொடி. அதில் கிலோகலோரி என்று போட்டிருப்பதைத்தான் நாம் எல்லோரும் கலோரி என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மசாலா விஷயம். பாக்கெட்டில் நிகர எடை 70 கிராம் என்று இருக்கிறது. உள்ளே இருக்கும் நூடுல்ஸ் கட்டியை மட்டும் தராசில் வைத்தால் 63, 64 என்று மாறி மாறிக் காட்டியது. மிச்சம் மசாலாவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆறு கிராம் பொருளை ஒரு கிராம் துல்லியத் தராசில் தனியாக நிறுத்தால் நம்ப முடியாது. அதனால் நாலு பாக்கெட்டின் மசாலாப் பொட்டலங்களை ஒன்றாக வைத்து நிறுத்தேன், 29 கிராம். நாலையும் கிண்ணத்தில் கொட்டிவிட்டு வெறும் உறைகளை நிறுத்தால் 3. ஆக 26, நாலால் வகுத்தால் பொட்டலத்துக்கு 6.5 கிராம். கட்டியும் பொடியும் சேர்ந்தால்தான் 70 வருகிறது.

இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பின்பக்கக் கட்டத்தில் ஒரு பாக்கெட்டுக்கு என்று போட்டிருக்கும் கணக்கு அந்த 70 கிராமுக்கும் சேர்த்துத்தான். மசாலா ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மறுபடி தனியாகச் சேர்த்தால் ஒரே பொருளை இரண்டு தடவை எழுதுகிறோம். பரிமாறும் அளவு எத்தனை கிராம் என்று கட்டத்தின் மேலேயே ஒரு வரி இருக்கும். அந்த எண் நிகர எடையோடு ஒத்துப்போனால் மசாலா உள்ளே என்று அர்த்தம். நாலு கட்டி உள்ள பெரிய பாக்கெட்டில் நிகர எடை 280 இருக்கும், அதை நாலால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

என் கையில் இருந்த பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 9, மாவுச்சத்து 62, கொழுப்பு 15 கிராம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கூட்டிப் பார்த்தால் 36, 248, 135, மொத்தம் 419. அச்சில் 420 என்று இருக்கிறது, சரியாக வருகிறது. 70 கிராமுக்கு 294. அட்டையில் உள்ள எண்ணை இப்படி ஒரு தடவை கூட்டிப் பார்ப்பது நல்லது. 100 கிராம் பத்தியையும் ஒரு பாக்கெட் பத்தியையும் மாற்றிப் படித்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அந்த 15 கிராம் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். மாவைப் பிசைந்து, இழையாக்கி, ஆவியில் வேகவைத்து, பிறகு பாமாயிலில் பொரித்து எடுப்பதுதான் இந்தக் கட்டி. ஈரம் வெளியேறின இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. சும்மா காயவைத்த சேமியாவில் கொழுப்பு ஒன்றிரண்டு கிராம்தான். கோதுமை மாவு என்று பச்சை உறையில் வருவதும் பெரும்பாலும் பொரித்ததுதான், அதனால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடைக்காது. பொரிக்காமல் காயவைத்தது என்று போட்டு வருவதில்தான் உண்மையிலேயே குறையும். மயினிக்குக் கோதுமை உறைமேல் ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு, "இதுக்கா அஞ்சு ரூவா கூடக் குடுத்தேன்" என்றார். நார்ச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அது வேறு கணக்கு.

சரி, மசாலா பொட்டலத்துக்குள் மட்டும் எத்தனை கலோரி? கட்டத்தில் அதைப் பிரித்துப் போடுவதில்லை. ஆனால் ஒரு உச்சவரம்பு போட்டுவிடலாம். பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 1,170 மில்லிகிராம் என்று இருந்தது. 70 கிராமுக்கு 819. சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் எடை வரும், ஏறக்குறைய 2 கிராம். இதில் கொஞ்சம் கட்டியிலேயே இருக்கிறது, வேகாத கட்டியை ஒரு துண்டு கடித்துப் பார்த்தால் நாக்குக்குத் தெரியும். மிச்சம் ஒன்றரை கிராம் உப்பு பொட்டலத்தில் என்று வைத்துக்கொள்வோம். உப்புக்குக் கலோரி கிடையாது. ஆக கலோரி தரக்கூடியது 5 கிராம்தான். அதில் மல்லி, மஞ்சள், மிளகாய், வெங்காயப் பொடி, சர்க்கரை, ஸ்டார்ச், துளி எண்ணெய் எல்லாம் அடக்கம். முழுக்கச் சர்க்கரை என்றே வைத்தாலும் 20. எண்ணெய்க்கு இடம் விட்டு 25 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வழியில்லை.

ஆகவே மசாலாவைப் பாதி போட்டால் 10 கலோரி மிச்சமாகும், அவ்வளவுதான். ஆனால் உப்பு முக்கால் கிராம் குறையும். இந்தப் பொட்டலத்தைக் கலோரிக்காக யாரும் பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டியது உப்புக்கு. நம் நாட்டு உணவு அட்டை விதிப்படி ஒரு நாளுக்குச் சோடியம் 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு, என்பதை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். ஒரு பாக்கெட்டிலேயே அதில் 40 சதவீதம் போய்விடுகிறது. அதற்குமேல் முட்டை கிளறும்போது ஒரு சிட்டிகை, காய் வதக்கும்போது ஒரு சிட்டிகை என்று போடுவோம். என் சிட்டிகைகளைத் தராசில் தட்டிப் பார்த்தேன், இரண்டும் சேர்ந்து ஒரு கிராமை ஒட்டி வந்தது. ஒரு கிராம் உப்பில் சோடியம் 390 மில்லிகிராம். ஆக தட்டு 1,200-ஐத் தொடுகிறது. முட்டைக்கும் காய்க்கும் உப்பே போடாமல், கடைசியில் கொட்டும் மசாலாவை நம்பிச் செய்தால் ருசி ஒன்றும் குறையவில்லை. பிள்ளைகள் கண்டுபிடிக்கவே இல்லை.

அடுத்தது முட்டை. வடசேரியில் வாங்கிய வெள்ளை முட்டை ஓட்டோடு 54 கிராம். உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினால் 47, ஓடு மிச்சத்தை எடுத்துக்கொண்டது. முட்டையின் உள்ளிருப்புக்கு 100 கிராமுக்கு 140 கலோரி என்று வைத்துக்கொண்டால் போதும், ஆக 65 கலோரி. பக்கத்து வீட்டில் கிடைக்கும் நாட்டுக்கோழி முட்டை சிறிசு. உடைத்தால் 35 கிராம் தேறியது, அது 50 கலோரிதான். செல்போன் ஆப்களில் ஒரு முட்டை என்று தட்டினால் வரும் எழுபத்துச் சொச்சம், 50 கிராம் உள்ளிருப்பு உள்ள பெரிய முட்டைக்கு உரியது. பத்து இருபது வித்தியாசம் பெரிய விஷயமில்லை, ஆனாலும் எதற்கான எண் என்று தெரிந்து எழுதலாம்.

ஆப்பில் இன்னொரு குழி இருக்கிறது. முட்டை நூடுல்ஸ் என்று தேடினால் முதலில் வருவது நம் வாணலியில் உள்ளது இல்லை. மாவிலேயே முட்டை சேர்த்துப் பிசைந்து காயவைத்த வேறு நூடுல்ஸ், அதுவும் வேகவைத்து வடித்தது, 100 கிராமுக்கு 138 கலோரி என்று வரும். மயினியின் நோட்டில் இருந்த 350 இந்த வழியில் வந்ததுதான். வெந்த தட்டை நிறுத்து இந்த எண்ணால் பெருக்கியிருக்கிறார். 1,200 வந்த நாள் அதற்கு நேர்மாறு. வெந்த நூடுல்ஸ் முந்நூறு கிராம் இருந்ததைப் பாக்கெட்டின் 420-ஆல் கணக்குப் போட்டிருக்கிறார். பாக்கெட்டில் உள்ள எண் உலர்ந்த எடைக்கு. 70 கிராம் கட்டி தண்ணீர் குடித்து 200 கிராமைத் தாண்டிவிடும், அந்தத் தண்ணீருக்குக் கலோரி ஏது? எப்போதும் வாணலிக்குள் போகும்முன் நிறுக்க வேண்டும், பச்சைக்குப் பச்சை எண், வெந்ததுக்கு வெந்த எண்.

காய்கறிக்கு வருவோம். கேரட் 35 கிராம், பீன்ஸ் 25, முட்டைக்கோஸ் 30, உள்ளி என்கிற சின்ன வெங்காயம் 30, தக்காளி 30. மொத்தம் 150 கிராம், எல்லாம் நறுக்கிய பிறகு நிறுத்தது. கேரட் 13 கலோரி, பீன்ஸ் 7, கோஸ் 7, உள்ளி 17, தக்காளி 6. கூட்டினால் 50. இந்தக் கூட்டத்தில் அதிகம் தருவது உள்ளிதான் என்பது வீட்டில் யாரும் எதிர்பார்க்காதது. சின்ன உள்ளி பல்லாரியைவிடத் தண்ணீர் குறைந்தது, அதனால் கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். வீட்டு மரத்து முருங்கைக்கீரை ஒரு பிடி உருவிப் போட்டால் பத்து கிராம், ஏழு கலோரிகூட வராது. காயை இரண்டு மடங்காக்கினாலும் தட்டின் கணக்கு 50-தான் ஏறும், வயிறு மட்டும் நன்றாக நிறையும்.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் காய் நறுக்கிப் போடுவதில்லை. மத்தியானம் மிஞ்சின கோஸ் துவரனை, அதாவது தேங்காய் போட்ட பொரியலை, அப்படியே வாணலியில் கொட்டிக் கிளறுவது வழக்கம், நேரம் மிச்சம். அதை நோட்டில் காய்கறி என்று எழுதினால் தப்பாகிவிடும். இரண்டு கரண்டி, 80 கிராம் துவரனில் கோஸ் இருப்பது அறுபது கிராம்போல, 14 கலோரி. தேங்காய்த் துருவல் 12 கிராம் இருந்தாலே 45. தாளித்த எண்ணெய் 4 கிராம் என்றால் 36. மொத்தம் 95. 150 கிராம் பச்சைக் காய் தருவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. துவரன் வேண்டாம் என்று சொல்லவில்லை, தேங்காய் இல்லாமல் எங்கள் சமையல் இல்லை. துவரன் என்றே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எண்ணெய். நோட்டில் அந்த வரியே இல்லை. யாரைக் கேட்டாலும் நூடுல்ஸ், முட்டை, காய் என்றுதான் சொல்வார்கள், எண்ணெயைச் சொல்ல மாட்டார்கள். மயினியிடம் கேட்டால் "கொஞ்சமாத்தான் விடுவேன், ஒரு ஸ்பூன்" என்றார். ஸ்பூனை நம்பாமல் குப்பியை நிறுத்தோம். தேங்காய் எண்ணெய்க் குப்பியை மூடியோடு தராசில் வைத்தால் 412. மயினி வழக்கம்போல வாணலியில் ஊற்றினார், காய் வதங்க ஒரு தடவை, காயை ஒதுக்கிவிட்டு முட்டை உடைத்து ஊற்றும் முன் இன்னொரு தடவை. மறுபடி வைத்தால் 401. ஆக 11 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் 99.

முட்டைக்கு 65, அந்த முட்டையும் காயும் குடித்த எண்ணெய்க்கு 99. மயினி கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார், தராசு கெட்டுப்போயிருக்குமோ என்று. குப்பியை எடுத்து எடுத்து வைத்தும் 401-தான்.

அளவு ஸ்பூனில் ஒரு டீஸ்பூன் 5 மில்லி, தேங்காய் எண்ணெய் நாலரை கிராம், 40 கலோரி. வீட்டில் குழம்புக்குப் போடும் ஸ்டீல் ஸ்பூனை ஒரு ஸ்பூன் என்று எண்ணினால் அதற்குள்ளேயே இரண்டு மூன்று டீஸ்பூன் அடங்கும். பேச்சு இங்கேதான் மாறிப்போகிறது. குளிர்ந்த காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் இன்னும் மோசம், கரண்டியால் வழித்துப் போடும்போது கூம்பாக நிற்கும். அளக்கச் சிறந்த வழி குப்பியை முன்னும் பின்னும் நிறுப்பதுதான். வாணலியில் ஒட்டி நிற்பது ஒரு கிராமுக்கும் குறைவு, அதைக் கழிக்க வேண்டியதில்லை.

ஆக மொத்தம் கூட்டினால் பாக்கெட் மசாலாவோடு 294, முட்டை 65, காய் 50, எண்ணெய் 99. 508 வருகிறது. நான் 500 என்றுதான் எழுதச் சொன்னேன். கேரட்டின் இனிப்பும் முட்டையின் மஞ்சள் கருவும் ஒவ்வொன்றுக்கும் மாறும், கடைசி எட்டுக்கு அர்த்தம் கிடையாது. இதையே ஒரு டீஸ்பூன் எண்ணெயில் செய்தால் 450. முட்டையை வேகவைத்து மேலே நறுக்கிப் போட்டு, காயை நூடுல்ஸ் தண்ணீரிலேயே வேகவிட்டால் 410. ஒரே பொருட்கள், வித்தியாசம் முழுக்க எண்ணெய்.

கட்டியைத் தனியாகக் கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் பாமாயில் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அதையும் பார்த்தேன். வடித்த தண்ணீரை ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்தால் எண்ணெய் மேலே வெள்ளையாகப் படலமாக உறைகிறது. நுனி ஸ்பூனால் வழித்து எடுத்து நிறுத்ததில் ஒரு கிராம் தேறவில்லை. கட்டிக்குள் இருக்கும் எண்ணெய் சுமார் பத்து கிராம், அதில் பெரும்பகுதி இழைக்குள்ளேயே இருந்துகொள்கிறது. கரைந்த மாவும் கொஞ்சம் போகும். ஆனால் மொத்தத்தில் பெரிய லாபம் இல்லை, இழை மட்டும் வழவழப்பு குறைந்து சவசவ என்று ஆகிறது. மசாலா போட்ட பிறகு மிஞ்சும் சாற்றைக் குடிக்காமல் விட்டால், அது உப்புக்கு நல்லது.

கடைசிச் சிக்கல் பங்கு. வாணலியில் செய்தது இரண்டு தட்டாகப் பிரியும்போது மயினி எவ்வளவு சாப்பிட்டார்? இதற்கு வெறும் வாணலியின் எடை ஒரு தடவை தெரிந்தால் போதும். எங்களுடையது 520 கிராம், கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயிண்டால் எழுதிவைத்துவிட்டேன். சமையல் முடிந்து இறக்கி வைத்தால் மொத்தம் 962, ஆக உள்ளே 442 கிராம். அடுப்பிலிருந்து எடுத்ததும் நேராகத் தராசில் வைக்கக் கூடாது, கண்ணாடித் தட்டு சூட்டில் விரிசல் விடும், ஒரு மரப்பலகையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு அதன்மேல் வைக்க வேண்டும். 508-ஐ 442-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.15 கலோரி. பெரியவன் தட்டில் 260 கிராம் போனது, 299 கலோரி. மயினி எடுத்தது 182 கிராம், 209. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு தவறாது, ஏனென்றால் வகுக்கும் எண்ணும் அதோடு மாறும். முட்டை ஒரு தட்டிலும் காய் இன்னொரு தட்டிலும் குவிந்துவிட்டால்தான் பிசகும், நன்றாகக் கிளறிவிட்டுப் பரிமாறினால் சரி.

பெரியவன் இப்போது கொரிய வகை பாக்கெட் வாங்கி வருகிறான். அதற்கு மேலே சொன்ன மசாலாக் கணக்கு பொருந்தாது. பாக்கெட் 120 முதல் 140 கிராம் வரை இருக்கும், 500 கலோரியை ஒட்டியோ தாண்டியோ நிற்கும், பொடிக்குப் பதில் எண்ணெயும் சர்க்கரையும் கலந்த குழம்பு ஒரு பொட்டலத்தில் வரும். சிலவற்றில் எண்ணெய் மட்டும் தனிப் பொட்டலம். அங்கே பொட்டலத்தைப் பாதி விட்டால் கலோரியும் உண்மையிலேயே குறையும். பொட்டலத்தை முழுசாக நிறுத்து, பிழிந்த பிறகு உறையை நிறுத்தால் எத்தனை கிராம் போட்டோம் என்று தெரியும். எண்ணெய்ப் பொட்டலம் என்றால் கிராமுக்கு 9 என்று கழித்துவிடலாம். குழம்புப் பொட்டலத்துக்கு அப்படிப் பிரிக்க வழியில்லை, முழு எண்ணையே எழுதிவிட வேண்டும். மயினி அதை ஒரு வாய் எடுத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடி ஓடினார், அதனால் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலிதான்.